டயப்பர், பேபி வைப்ஸ் லிஸ்டிங் எழுதுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தியாவில் ஆன்லைனில் டயப்பரும் வைப்ஸும் விற்கும் சிறு வியாபாரிகள் லிஸ்டிங் எழுத உட்காரும்போது கேட்கிற கேள்விகள் பெரும்பாலும் மூன்றைப் பற்றித்தான்: எடை, எண்ணிக்கை, தோல். இந்த மூன்றில் எங்கே தவறினாலும் பொருள் திரும்பி வருகிறது, அல்லது ஒற்றை நட்சத்திர ரிவ்யூவாக நிற்கிறது. கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளைக் கொடுத்திருக்கிறோம்.

"தலைப்புல எதை முதல்ல போடணும்? எல்லாத்தையும் போட்டா நீளமாயிடுது."

பிராண்ட், வகை, அளவு, எடை, மொத்த எண்ணிக்கை. இந்த வரிசையில் இந்த ஐந்து மட்டும் போதும். ஃபோனில் தேடுகிறவருக்குத் தலைப்பின் முதல் பாதிதான் தெரியும், மீதி வெட்டுப்பட்டுவிடும். அந்தப் பாதிக்குள் எடை வந்துவிட வேண்டும். "மென்மையான", "சூப்பர்", "கசியாத" போன்ற சொற்களை முன்னால் போட்டால், வாங்குகிறவர் பார்க்க வந்த எண் பின்னால் போய் மறைந்துவிடும்.

ஒரு மாதிரி: "(பிராண்ட்) பேன்ட் டயப்பர், எம் அளவு, 7–12 கிலோ, 76 பீஸ்". வைப்ஸுக்கு எடை கிடையாது. அதனால்: "(பிராண்ட்) பேபி வைப்ஸ், வாசனை சேர்க்காதது, மூடியுடன், 216 தாள் (72 × 3 பாக்கெட்)". வாசனை பற்றிய சொல்லை எப்போது போடலாம், எப்போது கூடாது என்பது கீழே வருகிறது.

"எம், எல்னு போட்டா எல்லாருக்கும் தெரியுமே. எடையும் ஏன் போடணும்?"

தெரியாது. சட்டையில் எம் என்பது ஓரளவு ஒரே அளவு. டயப்பரில் அப்படி இல்லை. இந்தியச் சந்தையில் பல பேன்ட் டயப்பர் பைகளில் எஸ் 4–8 கிலோ, எம் 7–12, எல் 9–14, எக்ஸ்எல் 12–17 என்று அச்சிட்டிருக்கிறது. ஆனால் எல்லா பிராண்டிலும் இப்படியே இருப்பதில்லை. ஒரு கம்பெனியிலேயே டேப் வகைக்கு ஒரு வரம்பும் பேன்ட் வகைக்கு வேறு வரம்பும் இருக்கலாம். இறக்குமதியான சில பைகளில் எழுத்தே இருக்காது. 1, 2, 3 என்று எண் இருக்கும், எடை பவுண்டில் இருக்கும். 16–28 பவுண்ட் என்றால் சுமார் 7.3–12.7 கிலோ. ஒரு பவுண்டை 0.4536ஆல் பெருக்கினால் கிலோ கிடைக்கும். மாற்றி எழுதும்போது பவுண்டையும் கூடவே விட்டுவையுங்கள். பை கைக்கு வந்ததும் வாங்கியவர் அதைத்தான் சரிபார்ப்பார்.

ஒரே விதி: உங்கள் கையில் இருக்கும் பையில் என்ன அச்சிட்டிருக்கிறதோ அதையே எழுதுங்கள். மற்றொரு கடையின் லிஸ்டிங்கிலிருந்து அட்டவணையை எடுத்து ஒட்டுவதால்தான் அளவு பற்றிய பெரும்பாலான சண்டை வருகிறது.

"வயசு போட்டா அம்மாமாருக்கு ஈஸியா இருக்குமே? ‘6–12 மாசம்’னு போடலாமா?"

போடாதீர்கள். ஒரே வயதுக் குழந்தைகளின் எடை வெகுவாக வேறுபடும். உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அட்டவணையில் ஒரு வயதுப் பெண் குழந்தையின் நடு எடை 8.9 கிலோ, ஆண் குழந்தைக்கு 9.6 கிலோ. நடு எடை என்றால் பாதிக் குழந்தைகள் அதற்குக் கீழே இருப்பார்கள். ஒரு வயதில் 7.5 கிலோ இருக்கும் குழந்தையும் உண்டு, 11 கிலோ இருக்கும் குழந்தையும் உண்டு. "ஒரு வயதுக்கு எல்" என்று எழுதினால் 7.5 கிலோ குழந்தைக்குத் தொடைப் பக்கம் இடைவெளி விழுந்து மூத்திரம் வழியும்; வாங்கியவர் டயப்பரைத்தான் திட்டுவார்.

வயது கேட்பவர்களுக்கு உதவ வேறு வழி இருக்கிறது. எடை தெரியாதவர்களுக்காக ஒரு வரி சேர்க்கலாம்: "குழந்தையின் கடைசி எடை தடுப்பூசி அட்டையிலோ அங்கன்வாடிப் பதிவிலோ இருக்கும். வீட்டில் எடை மெஷின் இருந்தால், குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒருமுறையும் தனியாக ஒருமுறையும் நின்று கழித்துப் பாருங்கள்." இந்த ஒரு வரி "எந்த சைஸ் எடுக்கட்டும்" என்று வரும் மெசேஜ்களைக் கணிசமாகக் குறைக்கும்.

புதிதாகப் பிறந்த குழந்தைக்கான அளவில் இன்னொரு கவனம் வேண்டும். பல பைகளில் அது "5 கிலோ வரை" என்று இருக்கும். அதே அட்டவணைப்படி ஆண் குழந்தையின் நடு எடை பிறக்கும்போது 3.3 கிலோ, ஒரு மாதத்தில் 4.5, இரண்டு மாதத்தில் 5.6. அதாவது இரண்டு மாதம் முடிவதற்குள்ளேயே பல குழந்தைகள் அந்த அளவைத் தாண்டிவிடும். இந்த அளவுக்குப் பெரிய பேக்கை முன்னால் தள்ளாமல் சிறிய பேக்கை முதலில் காட்டுங்கள். "குழந்தை வேகமாக வளரும் காலம், குறைவாக வாங்கினால் போதும்" என்று வெளிப்படையாகவே எழுதுங்கள். மீந்துபோன பாதிப் பையை யாரும் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

"என் குழந்தை 9.5 கிலோ. எம்ல 7–12 போட்டிருக்கு, எல்ல 9–14 போட்டிருக்கு. எது எடுக்கணும்னு கேக்கறாங்க. என்ன எழுதறது?"

அட்டவணை தவறில்லை, வரம்புகள் வேண்டுமென்றேதான் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கின்றன. ஒரே 9.5 கிலோவில் ஒல்லியாக உயரமான குழந்தையும் இருக்கும், தொடை பருத்த குழந்தையும் இருக்கும். டயப்பர் உண்மையில் பிடிப்பது இடுப்பையும் தொடையையும்தான். எடை அதற்கு ஓர் அடையாளம் மட்டுமே. ஆகவே ஏறி நிற்கும் பகுதிக்கு எடையை மட்டும் வைத்துப் பதில் சொல்ல முடியாது. லிஸ்டிங்கில் இதற்கென்று தனிப் பத்தி கொடுங்கள்.

அதில் எழுத வேண்டியது இப்போது போடுகிற டயப்பர் காட்டும் அறிகுறிகளை. கழற்றிய பிறகும் எலாஸ்டிக் தடம் சிவப்பாக நெடுநேரம் மறையாமல் இருந்தாலோ, இடுப்புப் பட்டி தொப்புளுக்குக் கீழே நழுவி நின்றாலோ, டேப் வகையில் ஒட்டும் பட்டை நடுப்பகுதிக்கு எட்டாமல் ஓரத்திலேயே ஒட்டினாலோ, அளவு சிறிதாகிவிட்டது. அடுத்த அளவு எடுக்கலாம். இடுப்பில் இரண்டு விரல் தாராளமாக நுழைந்து அதற்கு மேலும் இடம் இருந்தாலோ, தொடை ஓரத்தில் இடைவெளி தெரிந்தாலோ, அளவு பெரிது. லேசான தடம் சில நிமிடத்தில் மறைந்தால் அது இயல்பு. அதையும் சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் பயந்து பெரிய அளவுக்குப் போய்விடுவார்கள்.

கசிவை மட்டும் வைத்து அளவு சொல்லக் கூடாது. சிறியதிலும் கசியும், பெரியதிலும் கசியும். தொடை ஓரத்தில் பகலிலேயே கசிந்தால் பெரும்பாலும் பெரிது. முதுகுப் பக்கமும் இடுப்புப் பக்கமும் காலையில் நனைந்திருந்தால் பெரும்பாலும் சிறிது, அல்லது இரவு முழுக்க மாற்றவில்லை. "எங்கே கசிகிறது" என்று கேட்காமல் "அடுத்த சைஸ் எடுங்க" என்று பதில் போடும் கடைக்கு இரண்டாவது முறையும் அதே புகார் வரும்.

"டேப் வகையும் பேன்ட் வகையும் ஒரே பிராண்ட்தானே, ஒரே லிஸ்டிங்ல போட்டுடலாமா?"

தனித்தனியாகப் போடுங்கள். அளவும் எண்ணிக்கையும் ஒரு லிஸ்டிங்குக்குள் தெரிவுகளாக இருக்கலாம். வகை அப்படி இருக்கக் கூடாது. டேப் வகை படுத்த நிலையில் மாற்றுவதற்கு, சின்னக் குழந்தைக்கு. பேன்ட் வகை கால் உதைத்துப் புரளும், தவழும், நிற்கும் குழந்தைக்கு. எடை வரம்பும் வேறுபடலாம் என்று மேலே சொன்னோம். ஒன்றாகக் கலந்தால் ரிவ்யூக்களும் கலந்துவிடும்: "டேப் ஒட்டவே மாட்டேங்குது" என்ற குறை பேன்ட் வாங்க வந்தவரை விரட்டிவிடும்.

பேன்ட் வகைக்கு ஒரு வரி அவசியம்: மலம் கழித்திருந்தால் கீழே இறக்கிக் கழற்றாமல் இரு பக்கத் தையலையும் கிழித்துக் கழற்ற வேண்டும். முதல்முறை வாங்குகிறவர்களில் பலருக்கு இது தெரிவதில்லை.

"‘2 பேக்’னு எழுதினா ரெண்டு டயப்பரான்னு கேக்கறாங்க, 76னு எழுதினா ஒரே பையில 76 வரும்னு நினைக்கறாங்க."

இரண்டும் சேர்ந்து வர வேண்டும். மொத்தம் முன்னால், பிரிவு பின்னால். "76 பீஸ் (38 பீஸ் உள்ள 2 பை)". அட்டைப் பெட்டியைத் திறந்ததும் இரண்டு பை தெரியும், ஒவ்வொன்றிலும் 38 என்று இருக்கும், கணக்கு நேராகும். "பேக்", "செட்", "காம்போ" ஆகிய மூன்று சொற்களையும் தவிர்ப்பது நல்லது. அவற்றைக் கடைக்குக் கடை வேறு பொருளில் சொல்கிறார்கள். பையில் எண்ணிக்கைக்கு அருகே ‘என்’ அல்லது ‘யு’ என்று ஓர் ஆங்கில எழுத்து இருந்தால் அது எண்ணிக்கையைக் குறிக்கும் எடையளவுச் சட்டக் குறியீடு. மாடல் பெயர் என்று நினைத்துத் தலைப்பில் சேர்த்துவிட வேண்டாம்.

பீஸ் ஒன்றுக்கு எவ்வளவு என்பதையும் எழுதுங்கள். கணக்கு இப்படி: இந்த 76 பீஸின் எம்.ஆர்.பி. 1,199 ரூபாய், நீங்கள் விற்பது 836 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 836ஐ 76ஆல் வகுத்தால் பீஸ் 11 ரூபாய். அதே டயப்பரின் 20 பீஸ் பை 250 ரூபாய் என்றால் பீஸ் 12.50. வாங்குகிறவர் ஃபோனில் கால்குலேட்டரைத் தேட வேண்டியதில்லை. பையில் அச்சிட்டிருக்கும் ஒரு பீஸ் விலை எம்.ஆர்.பி.யை வைத்துப் போட்டது. இங்கே அது 1,199ஐ 76ஆல் வகுத்த 15.78 ரூபாயாக இருக்கும். உங்கள் எண் அதோடு ஒத்துப்போகாது. ஆகவே "விற்பனை விலைப்படி பீஸ் ₹11" என்று எந்தக் கணக்கு என்பதைச் சேர்த்து எழுதுங்கள்.

எண்ணிக்கை குறைகிறது என்ற புகார் பெரும்பாலும் படத்திலிருந்து வருகிறது. 76 பீஸ் லிஸ்டிங்கில் பழைய 84 பீஸ் பையின் படம் நின்றால் படத்தைத்தான் நம்புவார்கள். படத்தில் தெரியும் எண், தலைப்பு எண், விவரத்தில் இருக்கும் எண், பில்லில் இருக்கும் எண் நான்கும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்த பிறகே வெளியிடுங்கள்.

"எம்ல 76, எல்ல 64, ஆனா விலை ஒண்ணுதான். ஏமாத்தறோம்னு நினைக்கறாங்க."

ஒரு சின்ன விளக்கம் போதும்: "அளவு கூடும்போது ஒவ்வொரு பீஸிலும் பஞ்சும் உறிஞ்சும் பொருளும் கூடும், அதனால் அதே விலையில் எண்ணிக்கை குறையும்." இதை விவரப் பகுதியின் முதல் சில வரிகளுக்குள் வையுங்கள். அளவைத் தெரிவு செய்யும் பொத்தானிலேயே எண்ணிக்கையையும் சேர்த்தால் இன்னும் நல்லது: "எம் / 7–12 கிலோ / 76", "எல் / 9–14 கிலோ / 64". பொத்தானை மாற்றும்போது எண் கண்ணெதிரே மாறுவதால், வாங்கிய பிறகு அதிர்ச்சி இருக்காது.

"வைப்ஸுக்குத் தாள் எண்ணிக்கை தவிர வேற என்ன எழுதணும்?"

தாளின் நீள அகலம், மூடி உண்டா இல்லையா, காலாவதி மாதம். 72 தாள் உள்ள இரண்டு பாக்கெட் ஒரே எண்ணிக்கையாக இருந்தாலும், ஒன்றில் தாள் சிறிதாகவும் மெல்லியதாகவும் இருந்தால் ஒரு முறை துடைக்க இரண்டு மூன்று தாள் போய்விடும். அளவு பையின் பின்புறத்தில் இருக்கும். இல்லையென்றால் ஒரு தாளை விரித்து அளந்து சென்டிமீட்டரில் எழுதுங்கள்.

வைப்ஸில் அதிகம் வரும் குறை "காய்ஞ்சு போய் வந்துச்சு" என்பது. பாக்கெட் பழுதில்லாமலே இது நடக்கும். அடுக்கில் இருக்கும் திரவம் மெல்லக் கீழே இறங்கிவிடுவதால் மேல் தாள்கள் ஈரம் குறைந்தும் அடித் தாள்கள் சொதசொதவென்றும் இருக்கும். "திறப்பதற்கு முன் பாக்கெட்டைச் சிறிது நேரம் கவிழ்த்து வையுங்கள், ஒவ்வொரு முறையும் மூடியை அழுத்தி மூடுங்கள்" என்று எழுதுங்கள். மூடி இல்லாத, ஸ்டிக்கர் மட்டும் உள்ள பாக்கெட் என்றால் அதைத் தலைப்பிலேயே சொல்லிவிடுங்கள். ஸ்டிக்கரின் பசை தூசி படிந்தால் ஒட்டாது. பெரிய பாக்கெட் முடிவதற்குள் காய்ந்துவிட வாய்ப்பு உண்டு. கழிப்பறையில் போட்டுத் தண்ணீர் ஊற்றக் கூடாது என்பதையும் ஒரு வரியாகச் சேர்த்துவிடுங்கள்.

"எம்.ஆர்.பி., கம்பெனி அட்ரஸ் எல்லாம் பையிலயே இருக்கே. லிஸ்டிங்லயும் வேணுமா?"

வேண்டும். 2011ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவு (பொட்டலப் பொருள்கள்) விதிகளில் பின்னர் செய்த திருத்தப்படி, 2018 ஜனவரி 1 முதல் ஆன்லைனில் விற்கும் பொட்டலப் பொருளின் கட்டாய விவரங்கள் வாங்கும் பக்கத்திலேயே தெரிய வேண்டும். பொருளின் பொதுப்பெயர், தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவர் பெயர் முகவரி, எண்ணிக்கை, எல்லா வரியும் சேர்ந்த எம்.ஆர்.பி., குறை சொல்வதற்கான தொடர்பு, இறக்குமதி என்றால் எந்த நாடு. தயாரித்த மாதத்துக்கு மட்டும் இதில் விலக்கு உண்டு.

அந்த விலக்கைப் பார்த்து வைப்ஸின் காலாவதியையும் விட்டுவிடாதீர்கள் என்பது எங்கள் அழுத்தமான கருத்து. ஸ்டாக் மாற மாற மாதத்தைத் திருத்துவது சிரமம் என்றால், "அனுப்பும் நாளில் குறைந்தது 6 மாதம் மீதி இருக்கும்" என்று எழுதி அதன்படியே அனுப்புங்கள். குழந்தையின் தோலில் படும் ஈரப் பொருளுக்கு இந்த விவரம் கேட்டுப் பெறும்படி இருக்கக் கூடாது.

"‘சென்சிட்டிவ் ஸ்கினுக்கு ஏற்றது’, ‘ஹைப்போஅலர்ஜெனிக்’னு போட்டா நல்லா விக்குது. போடலாமா?"

பையில் அந்தச் சொல் இருந்தால் "தயாரிப்பாளர் குறிப்பிடுவது" என்று சேர்த்துப் போடலாம். பையில் இல்லாததை நீங்களாகச் சேர்க்கக் கூடாது. ஹைப்போஅலர்ஜெனிக் என்பது அலர்ஜி வராது என்று பொருள்படாது. அலர்ஜி வரும் வாய்ப்பு குறைவு என்று தயாரிப்பாளர் சொல்கிறார், அவ்வளவுதான். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகமே இந்தச் சொல்லுக்கு வரையறை எதுவும் இல்லை என்று வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறது. "தோல் நிபுணர் சோதித்தது" என்பதும் அப்படியே: சோதனை நடந்தது என்று மட்டும் அது சொல்கிறது, முடிவு என்ன என்பதைச் சொல்வதில்லை.

அம்மாவுக்கு உண்மையில் உதவுவது பெயரடை அல்ல, பொருள்பட்டியல். டயப்பரில் வாசனை சேர்த்திருக்கிறதா, உள்பக்கத்தில் லோஷன் பூசியிருக்கிறதா, வைப்ஸில் வாசனை, ஆல்கஹால், என்ன பதப்படுத்தி என்பதைப் பையிலிருந்து அப்படியே எடுத்து எழுதுங்கள். கற்றாழை, வைட்டமின் ஈ சேர்த்திருந்தால் அதையும் வெறும் சிறப்பாகக் காட்டாமல் பொருளாக எழுதுங்கள். சில குழந்தைகளுக்கு அவையும் ஒத்துக்கொள்வதில்லை. முந்தைய பொருளில் எது ஒத்துக்கொள்ளவில்லை என்று தெரிந்த அம்மா, இந்த வரியைத்தான் தேடி வருகிறார். பின்புற லேபிளின் தெளிவான படம் ஒன்றும் கட்டாயம் இருக்கட்டும்.

"வாசனையே வரலை, அப்ப ‘வாசனை சேர்க்காதது’னு போட்டுடலாமா? ‘99% தண்ணீர்’னா கெமிக்கல் இல்லைனு போடலாமா?"

இரண்டுமே கூடாது. மூக்குக்கு வாசனை தெரியாமல் இருப்பதும் வாசனைப் பொருள் சேர்க்காமல் இருப்பதும் வேறு வேறு. மூலப்பொருளின் வாடையை மறைப்பதற்காகவே வாசனைப் பொருள் சேர்ப்பதுண்டு. பொருள்பட்டியலில் பெர்ஃப்யூம், ஃப்ராக்ரன்ஸ், பார்ஃபம் ஆகிய சொற்களில் ஒன்று இருந்தால் அது வாசனை சேர்த்த பொருள்தான், முகர்ந்தால் தெரியாவிட்டாலும்.

தண்ணீர் எவ்வளவு அதிகமோ அவ்வளவுக்குப் பூஞ்சையும் கிருமியும் வளர இடம் உண்டு. ஈரமாகவே மாதக்கணக்கில் இருக்கும் வைப்ஸில் பதப்படுத்தி இல்லாமல் முடியாது. மீதி 1% என்ன என்பதுதான் முக்கியம். அதில் மெத்தில்ஐசோதயசோலினோன் என்ற பெயர் இருக்கிறதா என்று குறிப்பாகப் பாருங்கள். தொடர்பு அலர்ஜி உண்டாக்குவதில் பேர்போனது. அமெரிக்கத் தொடர்புத் தோலழற்சிச் சங்கம் 2013ஆம் ஆண்டின் அலர்ஜிப் பொருளாக அதை அறிவித்தது. பூசிக் கழுவாமல் விடும் அழகுப் பொருள்களில் ஐரோப்பிய ஒன்றியம் 2017இல் அதை நிறுத்தியது. வைப்ஸும் துடைத்த பிறகு கழுவப்படாமல் தோலிலேயே தங்குவதுதான். பட்டியலில் அது இருந்தால் மறைக்காமல் எழுதுங்கள்; இல்லையென்று பட்டியலைப் பார்த்து உறுதியான பிறகே "இல்லை" என்று எழுதுங்கள்.

"‘ரேஷ் வராது’னு எழுதினா தப்பா? நல்ல டயப்பர்தானே!"

தவறு. எந்த டயப்பரும் அந்த வாக்கைக் காப்பாற்ற முடியாது, ஏனென்றால் தடிப்புக்குக் காரணம் டயப்பர் மட்டும் அல்ல. ஈரத்தில் ஊறிய தோல் உரசலுக்கு எளிதில் பழுதாகிறது. மூத்திரமும் மலமும் கலக்கும்போது அம்மோனியா உண்டாகித் தோலின் அமிலத்தன்மை குறைகிறது. அப்போது மலத்தில் உள்ள நொதிகள் வேகமாக வேலை செய்து தோலை அரிக்கின்றன. வயிற்றுப்போக்கு, புதிதாக ஆரம்பித்த திட உணவு, ஆன்டிபயாடிக் மருந்து இவற்றுக்குப் பிறகு தடிப்பு வருவது இதனால்தான். ஆதாரமில்லாத இத்தகைய வாக்கு 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி தவறான விளம்பரமாகவும் பார்க்கப்படலாம்.

இதற்குப் பதிலாக எழுத வேண்டியது இதுதான்: "3–4 மணி நேரத்துக்கு ஒருமுறையும், மலம் கழித்த உடனேயும் மாற்றவும். துடைத்த பிறகு தோல் நன்றாக உலர்ந்ததும் அடுத்ததைப் போடவும். முதல் முறை என்றால் ஓரிரண்டு பீஸ் போட்டுப் பார்த்த பிறகு தொடரவும். தடிப்பு வந்தால் நிறுத்தவும். இரண்டு மூன்று நாளில் குறையாவிட்டாலோ, கொப்புளம், சீழ், காய்ச்சல் இருந்தாலோ மருத்துவரிடம் காட்டவும்." பையில் "12 மணி நேரம்" என்று இருந்தால் அது உறிஞ்சும் திறனைச் சொல்கிறது. அதை எழுதும் இடத்துக்குப் பக்கத்திலேயே மாற்றும் இடைவெளியையும் எழுதுங்கள். இல்லையென்றால் 12 மணி நேரம் விட்டுவைக்கலாம் என்றுதான் படிப்பார்கள்.

"ரேஷ் வந்துடுச்சுன்னு ஃபோட்டோவோட ரிவ்யூ போட்டிருக்காங்க. என்ன பதில் எழுதறது?"

முதலில் குழந்தை எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். பயன்படுத்துவதை நிறுத்தி மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள். பிறகு மூன்று விவரம் கேளுங்கள்: பையில் உள்ள பேட்ச் எண், குழந்தையின் எடையும் வாங்கிய அளவும், தடிப்பு எந்த இடத்தில். நோய் என்னவென்று நீங்கள் சொல்லக் கூடாது. ஆனால் இடம் உங்கள் லிஸ்டிங்கில் எதைத் திருத்த வேண்டும் என்பதைக் காட்டிக்கொடுக்கும்.

இடுப்பின் பக்கவாட்டிலும் தொடையின் வெளிப்பக்கத்திலும் எலாஸ்டிக் படும் கோட்டிலேயே இருந்தால் அளவு சிறிதாக இருக்கலாம், அல்லது எலாஸ்டிக்கில் உள்ள ரப்பர்ப் பொருள் ஒத்துக்கொள்ளாமல் இருக்கலாம். மடிப்புகளை விட்டுவிட்டுப் புடைத்த பகுதிகள் மட்டும் சிவந்திருந்தால் ஈரமும் உரசலும் காரணமாக இருக்கும் வாய்ப்பு அதிகம். மாற்றும் இடைவெளி பற்றிய வரி உங்கள் லிஸ்டிங்கில் கண்ணில் படுகிறதா என்று பாருங்கள். மடிப்புக்குள்ளேயே கடுஞ்சிவப்பாகச் சுற்றிலும் சின்னப் புள்ளிகளோடு இருப்பது பூஞ்சையாக இருக்கக்கூடும். மருத்துவரைப் பார்க்கச் சொல்வதில் தாமதம் கூடாது. வைப்ஸ் வாங்கியவர் குழந்தையின் வாய் சுற்றியும் தடிப்பு என்று சொன்னால், அதே வைப்ஸால் முகத்தையும் துடைத்தாரா என்று கேளுங்கள். ஒரே பேட்சில் இரண்டு மூன்று புகார் வந்தால் அந்த பேட்சை விற்பதை நிறுத்தித் தயாரிப்பாளருக்குத் தெரிவியுங்கள். பொதுவில் போடும் பதில் நான்கு வரிக்கு மேல் வேண்டாம். "உங்க பயன்பாட்டுல தப்பு" என்ற தொனி அதில் எங்கும் வரக் கூடாது.

"உள்ள இருந்து ஜெல்லி மாதிரி வருது, விஷமான்னு பயப்படறாங்க."

மூத்திரத்தை உறிஞ்சி ஊதும் சோடியம் பாலிஅக்ரிலேட் மணிகள் அவை. அதிகம் நிறைந்தாலோ, டயப்பரின் உள்துணி கிழிந்தாலோ வெளியே வரும். தோலில் பட்டால் தண்ணீர் விட்டுத் துடைத்துவிடலாம். குழந்தை எடுத்து வாயில் போடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இதை முன்கூட்டியே லிஸ்டிங்கின் கேள்வி பதில் பகுதியில் எழுதிவையுங்கள். புதுப் பையைத் திறந்ததுமே மணி கொட்டினால் அது தயாரிப்புக் குறை, மாற்றிக் கொடுக்க வேண்டியது.

"கம்பெனி டிசைனை மாத்திட்டாங்க. பழைய பையில எம் 7–12, 76 பீஸ்; புதுப் பையில 6–11, 72 பீஸ். ரெண்டும் ஸ்டாக்ல இருக்கு. லிஸ்டிங்கைத் திருத்தினா போதுமா?"

போதாது, திருத்தவே கூடாது. எடையும் எண்ணிக்கையும் மாறினால் அது வேறு பொருள். புதுப் பைக்குப் புது லிஸ்டிங் போடுங்கள், புதுப் படம், புதுக் கணக்கு. பழையதைப் பழைய எண்களோடேயே விற்றுத் தீர்த்துவிட்டு மூடுங்கள். ரிவ்யூக்கள் போய்விடுமே என்று ஒரே லிஸ்டிங்கைத் திருத்தினால், 11.5 கிலோ குழந்தைக்குப் பல மாதமாக எம் வாங்கிவரும் அம்மா, எதுவும் படிக்காமல் "மீண்டும் வாங்கு" பொத்தானை அழுத்துவார். அவருக்கு 11 கிலோ வரைக்குமான பை போய்ச் சேரும்.

விற்பனைத் தளம் புது லிஸ்டிங்கை அனுமதிக்காமல் பழையதோடேயே சேர்த்தால், பழைய ஸ்டாக் முழுவதும் போன பிறகு மாற்றுங்கள். தலைப்புக்கு அடுத்த முதல் வரியில் மாற்றத்தை எழுதுங்கள்: "புதிய பை: எம் அளவு இப்போது 6–11 கிலோ (முன்பு 7–12), 72 பீஸ் (முன்பு 76). 11 கிலோவுக்கு மேல் இருந்தால் எல் பார்க்கவும்." குறைந்தது இரண்டு மூன்று மாதம் அந்த வரி அங்கேயே இருக்கட்டும், மாதம் ஒருமுறை மொத்தமாக வாங்குகிறவர்கள் எல்லோரும் ஒரு சுற்று வந்து போகும் வரை.